நர்சிங்கா, பி.எட்டா? தங்கைக்குக் கடிதம் எழுதிய அக்காவுக்கு

கேள்வி:

எனக்கு வயது 27. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சொந்த ஊர். ஜி.என்.எம் டிப்ளமோ முடித்துவிட்டு சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். தங்கை இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள், உயிரியல் குரூப், 474 மார்க். நர்சிங்கா டீச்சரா என்று ஒரு மாதமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறாள். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது என்பதால் கடிதமாக எழுதினேன். அனுப்புவதற்கு முன் நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

"பாப்பா, நர்சிங் வேண்டாம். அக்கா படுகிற பாடு உனக்குத் தெரியாது. மாதம் பதினாறாயிரம் சம்பளம், வாரம் மூன்று நைட், இருபத்தேழு வயதில் இடுப்பு வலி. நீ பி.எட் படி. நம்ம ஊர் ஸ்கூலிலேயே டீச்சர் ஆகிவிடலாம். சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், மே மாதம் லீவு. நர்ஸ் என்றால் மாப்பிள்ளை வீட்டில் யோசிக்கிறார்கள், டீச்சர் என்றால் அந்தப் பேச்சே இல்லை. ஆயா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பத்து நாள் நீ கூட இருந்து பார்த்துக்கொண்டாய், அதை வைத்து நர்சிங் பிடிக்கும் என்கிறாய். நம்ம ஊருக்குத் தடுப்பூசி போட வருகிற நர்ஸம்மா மாதிரி ஆகணும் என்கிறாய். அது வேறு, வார்டு வேறு. உன் மார்க்குக்கு நர்சிங் அரசு சீட்டே கிடைக்கும் என்று அப்பா சொல்கிறார். ஒரு ஏஜென்ட் பெங்களூரில் வாங்கித் தருகிறேன், அசல் சர்ட்டிபிகேட்டை மட்டும் கொடுங்கள் என்கிறாராம். இரண்டுமே வேண்டாம். நான் படித்துவிட்டதால் முதல் பட்டதாரி சலுகையும் உனக்கு வராது. பணம் கட்டப்போவது நான்தான், அதனால் நான் சொல்வதைக் கேள்."

– பெயர் வேண்டாம், சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரி, கடிதத்தை இப்படியே அனுப்பாதீர்கள். உங்கள் அக்கறையில் குறை இல்லை. ஆனால் அதில் இருக்கிற தகவல்களில் பாதி தப்பு, அந்தத் தப்புத் தகவலை நம்பித் தங்கை ஒரு படிப்பில் சேர்ந்தால் ஐந்து வருடம் கழித்து உங்களிடம்தான் வந்து நிற்பாள்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். உங்கள் தங்கையின் மனதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். இன்னொருவர் புதன்கிழமை தடுப்பூசிப் பெட்டியோடு மலைக்கு வருகிற நர்ஸம்மா. இந்த இருவருமே நீங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற இரண்டு படிப்புகளில் எதையும் படித்து அந்த வேலைக்கு வந்தவர்கள் இல்லை.

ஊர்ப் பள்ளி டீச்சர் என்ன படித்தவர்?

உங்கள் ஊரில் இருப்பது தொடக்கப் பள்ளி என்றால், அதாவது ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை என்றால், அங்கே வேலைக்கு வேண்டியது தொடக்கக் கல்விப் பட்டயம், டி.எல்.எட். முன்பு ஆசிரியர் பயிற்சி என்று சொன்னோமே, அதேதான். பிளஸ் டூ முடித்ததும் நேராகச் சேரலாம், இரண்டு வருடம். சேலம் மாவட்டத்துக்கான அரசு பயிற்சி நிறுவனம் உத்தமசோழபுரத்தில் இருக்கிறது.

பி.எட் இதற்குச் செல்லாது. முன்பு கொஞ்ச காலம் பி.எட் படித்தவர்களையும் தொடக்க வகுப்புக்கு எடுக்கலாம் என்று ஒரு விதி இருந்தது, அது வழக்காகி 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது. பி.எட் படித்தவர் ஆறாம் வகுப்பிலிருந்துதான் பாடம் எடுக்க முடியும்.

அப்புறம், பி.எட் என்பது பிளஸ் டூ முடித்துச் சேருகிற படிப்பும் இல்லை. முதலில் மூன்று வருட டிகிரி, பிறகு பி.எட் இரண்டு வருடம் (2015-லிருந்து இரண்டு வருடம், அதற்கு முன் ஒன்று). ஒருங்கிணைந்த நான்கு வருடப் படிப்பும் சில கல்லூரிகளில் உண்டு. உங்கள் தங்கை பி.எஸ்சி விலங்கியலோ தாவரவியலோ படித்து பி.எட் முடிக்கும்போது வயது இருபத்து மூன்றை நெருங்கியிருக்கும், அதன் பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வான டெட். எட்டாம் வகுப்பு வரை எடுக்க டெட் இரண்டாம் தாள் வேண்டும், 150-க்கு 90 மதிப்பெண், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. டெட் பாஸ் செய்தால் வேலை என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். 2018-லிருந்து தமிழ்நாட்டில் டெட் வெறும் தகுதி மட்டும்தான், வேலைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தனியாக ஒரு போட்டித் தேர்வு நடத்தும். அந்தத் தேர்வும் வருடா வருடம் வருவதில்லை. இடைநிலை ஆசிரியர்களுக்கு, அதாவது டி.எல்.எட் படித்தவர்களுக்கு, பல வருட இடைவெளிக்குப் பிறகு 2024-இல்தான் ஒரு தேர்வு நடந்தது. இந்தக் காத்திருப்பு உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

தடுப்பூசி போட வருகிற நர்ஸம்மா

அவர் கிராம சுகாதார செவிலியர். ஏ.என்.எம் என்கிற இரண்டு வருடத் துணைச் செவிலியர் படிப்பு அவருடையது. பி.எஸ்சி நர்சிங் நான்கு வருடம், உங்கள் ஜி.என்.எம் மூன்று வருடம், இந்த இரண்டும் வார்டுக்கான படிப்பு. தங்கை நர்ஸம்மாவைப் பார்த்துவிட்டு பி.எஸ்சி நர்சிங்கில் சேர்ந்தால் முதல் ஆறு மாதத்தில் அவளுக்குக் குழப்பம் வரும். வார்டு வேறு என்று நீங்கள் எழுதியிருப்பது சரியான வரி, அதை எடுத்துவிடாதீர்கள்.

ஆனால் பி.எஸ்சி நர்சிங் படித்தால் மலைப்பக்கம் வேலையே இல்லை என்றும் இல்லை. துணை சுகாதார நிலையங்களில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்று ஒரு பணியிடம் சில வருடங்களாக இருக்கிறது. ஜி.என்.எம் அல்லது பி.எஸ்சி நர்சிங் படித்தவர்களைத்தான் அதற்கு எடுக்கிறார்கள். ஊர் ஊராகப் போவது, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பது, கர்ப்பிணிகளைக் கவனிப்பது என்று உங்கள் தங்கை ஆசைப்படுகிற வேலைக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் கணக்கில் எங்கே சறுக்கல்?

நீங்கள் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸையும் அரசுப் பள்ளி டீச்சரையும் ஒப்பிடுகிறீர்கள். தனியாரோடு தனியாரை வையுங்கள். சேலம், ராசிபுரம், நாமக்கல் பக்கம் தனியார் பள்ளியில் வேலை பார்க்கிற பி.எட் படித்த பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். நாலு மணிக்கு வீட்டுக்கு வருகிறீர்களா என்று கேட்டால் சிரிப்பார்கள். ஹாஸ்டல் வைத்திருக்கிற பள்ளி என்றால் சாயங்கால ஸ்டடி இருக்கும், விடைத்தாள் வீட்டுக்கு வரும். நீங்கள் லீவு என்று நினைக்கிற மே மாதத்தில் பல பள்ளிகளில் டீச்சர்களை அட்மிஷன் பிடிக்க ஊர் ஊராக அனுப்புகிறார்கள், சில இடங்களில் அந்த மாதத்துக்குச் சம்பளமும் கிடையாது. சம்பளமும் உங்கள் பதினாறாயிரத்தைத் தாண்டும் என்று நம்பிப் போக வேண்டாம்.

அரசோடு அரசை வைத்தாலும் இரண்டு பக்கமும் வரிசைதான். அரசு மருத்துவமனைக்கு நர்ஸ் எடுப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். 2015-இல் அந்த வாரியம் பெரிய அளவில் எடுத்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் சேர்ந்தார்கள், நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். டீச்சர் பக்கம் வேலை கிடைப்பதற்கு முன்பே காத்திருக்க வேண்டும், நர்ஸ் பக்கம் வேலைக்குள் போன பிறகு நிரந்தரத்துக்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டில் எது உங்கள் குடும்பத்துக்குத் தாங்கும் என்று யோசியுங்கள். அப்பாவுக்குக் காப்பி, மிளகு வருமானம் மட்டும் என்றால், குறைந்த சம்பளமானாலும் கையில் ஒரு வேலை இருப்பது வேறு, இருபத்தேழு வயது வரை தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பது வேறு.

இடுப்பு வலி, நைட் டூட்டி, இதெல்லாம் உண்மை, நர்சிங்கில் இது இருக்கத்தான் செய்யும். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கஷ்டத்தில் எவ்வளவு நர்சிங்கால் வந்தது, எவ்வளவு நீங்கள் வேலை பார்க்கிற இடத்தால் வந்தது என்று பிரித்துப் பாருங்கள். ஒரு நைட்டில் உங்கள் வார்டில் எத்தனை நோயாளிக்கு ஒரு நர்ஸ்? படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் போட இன்னொரு ஆள் இருக்கிறாரா, நீங்கள் ஒருத்தியே தூக்குகிறீர்களா? தனியே தூக்கினால் இடுப்பு போகத்தான் செய்யும், அது ஆள் வைக்காத நிர்வாகத்தின் தப்பு. சம்பளமும் அப்படித்தான். உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைக்கப்பட்ட குழு, சின்ன ஆஸ்பத்திரியில்கூடத் தனியார் நர்ஸுக்கு மாதம் இருபதாயிரத்துக்குக் குறையக் கூடாது என்று 2016-லேயே பரிந்துரைத்தது. நடைமுறையில் அது எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதற்கு உங்கள் பதினாறாயிரமே சாட்சி.

மாப்பிள்ளை வீட்டு விஷயத்தைக் கடிதத்திலிருந்து அடித்துவிடுங்கள். பதினேழு வயதுப் பெண் என்ன படிப்பது என்று முடிவு செய்கிற இடத்தில் அதற்கு வேலை இல்லை.

அப்பாவின் கணக்கும் முதல் பட்டதாரியும்

474 நல்ல மார்க்தான். ஆனால் நர்சிங் ரேங்குக்குத் தமிழ், ஆங்கிலம், கணிதம் சேராது. உயிரியல் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாக, மொத்தம் 200-க்குக் கணக்கு. நீங்கள் அனுப்பிய மார்க் ஷீட் படி உயிரியல் 84, இயற்பியல் 70, வேதியியல் 74. ஆக 84, 35, 37, கூட்டினால் 156. தமிழில் 93 வாங்கியிருக்கிறாள், பாவம், அது இங்கே உதவாது. 156-ஐ வைத்துக்கொண்டு அரசுக் கல்லூரி இடம் கையில் இருக்கிறது என்று அப்பா நினைக்க வேண்டாம். போன வருடம் உங்கள் பிரிவுக்கு எந்த மதிப்பெண் வரை அரசு இடம் போனது என்று, கலந்தாய்வு நடத்துகிற தேர்வுக்குழுவின் பட்டியலில் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும். அரசு இடம் வராவிட்டால் அதே கலந்தாய்வில் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீடு இருக்கிறது.

முதல் பட்டதாரி விஷயத்தில் நீங்கள் நினைத்திருப்பது தவறு. உங்கள் ஜி.என்.எம் டிப்ளமோ, பட்டம் இல்லை. குடும்பத்தில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள் யாரும் பட்டதாரி இல்லை என்றால் தங்கை அந்தச் சான்றிதழைக் கேட்கலாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் ஏற்காடு தாலுகா அலுவலகம் வழியாக வரும். கலந்தாய்வில் தொழிற்படிப்புக்கு இடம் வாங்கினால்தான் இதற்குப் பலன், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இல்லை. இதில் ஒரு சின்ன விஷயம்: நீங்களே போஸ்ட் பேசிக் பி.எஸ்சி இரண்டு வருடம் படிக்கலாம் என்று நினைத்திருந்தால் (நினைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம், உங்கள் கடிதத்தில் பாதி உங்களைப் பற்றித்தான்) தங்கை முதலில் இந்தச் சலுகையை வாங்கிக்கொள்ளட்டும்.

அவள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும், டிகிரி படித்தாலும் டிப்ளமோ படித்தாலும்.

ஏஜென்ட் விஷயத்தில் மட்டும் உங்களோடு முழுசாக ஒத்துப்போகிறேன்

அசல் சான்றிதழை யாரிடமும் கொடுக்க வேண்டாம். கல்லூரியில் சேரும் நாளில் சரிபார்க்கக் காட்டலாம், வாங்கி வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. ஏஜென்ட் கைக்கு ஒருமுறை போய்விட்டால், பிடிக்கவில்லை என்று திரும்பி வர நினைக்கும்போது அந்தச் சான்றிதழை மீட்கவே தனியாகப் பணம் கேட்பார்கள்.

எந்த ஊர்க் கல்லூரியாக இருந்தாலும் மூன்றைக் கேளுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் அந்த வருடத்துக்கு அந்தக் கல்லூரி பெயர் இருக்கிறதா, அந்த மாநில நர்சிங் கவுன்சில் அனுமதி இருக்கிறதா, பட்டம் கொடுக்கப்போகிற பல்கலைக்கழகம் எது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் அது டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகம். சேலத்திலேயே ஒரு வருடம் படித்தால் நர்ஸ் என்று போர்டு வைத்திருக்கிற இடங்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே தருவது உதவியாளர் சான்றிதழ், அதை வைத்துக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் நர்ஸ் இல்லை என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது என்ன செய்யலாம்?

இரண்டுக்கும் விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். கலைக் கல்லூரிச் சேர்க்கை முதலில் நடக்கும், பி.எஸ்சி நர்சிங் கலந்தாய்வு பல வருடங்களில் அதற்கு மாதக்கணக்கில் பின்னால்தான் வருகிறது. கோரிமேடு அரசு மகளிர் கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தால் சேர்ந்து படிக்கட்டும், அரசுக் கல்லூரியில் கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம்தான். நர்சிங் இடம் வந்து, அதுதான் வேண்டும் என்று அப்போதும் தோன்றினால் டி.சி வாங்கிக்கொண்டு போகலாம். கலைக் கல்லூரியில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் நர்சிங் விண்ணப்பத்தைப் போடாமல் விட்டுவிட்டு, செப்டம்பரில் போன் செய்து அழுகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

இடையில் இருக்கிற இந்த இரண்டு மூன்று மாதத்தில் அவள் தன்னைத்தானே சோதித்துப் பார்க்கலாம். ஆயாவோடு பத்து நாள் இருந்தாள் என்று எழுதினீர்கள். அதில் எதைச் செய்தாள் என்று கேளுங்கள். கஞ்சி கொடுத்து, கால் பிடித்துவிட்டு, பேச்சுத் துணைக்கு இருந்தாளா, இல்லை பெட்பேன் வைத்து, புண்ணைத் துடைத்து, ராத்திரி இரண்டு மணிக்கு ட்ரிப்ஸ் தீர்ந்ததைக் கவனித்து சிஸ்டரைக் கூப்பிட்டாளா? ஆயாவுக்குச் செய்ததை முன்பின் தெரியாத, குடித்துவிட்டு விழுந்து தையல் போட்டுக்கொண்டு கத்துகிற ஆளுக்கும் செய்வாளா? இதற்கு அவள் சொல்கிற பதிலை நீங்கள் குறுக்கே பேசாமல் கேளுங்கள். டீச்சர் பக்கத்துக்கும் ஒரு சோதனை உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளில் நன்றாகப் படிக்காத இரண்டு பேரைத் தினமும் சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கட்டும். படிக்கிற பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது எல்லோருக்கும் பிடிக்கும். கடன் வாங்கிக் கழித்தலை ஏழாவது தடவை தப்பாகப் போடுகிற பையனிடம் எட்டாவது தடவையும் எரிச்சல் இல்லாமல் உட்கார முடிகிறதா என்று பார்த்தால் அவளுக்கே தெரிந்துவிடும்.

இரண்டும் பிடிக்கிறது என்று சொன்னால் ஒரு விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நர்சிங்கிலும் கற்பிக்கிற வேலை உண்டு. பி.எஸ்சி நர்சிங் முடித்து அனுபவம் சேர்த்தால் நர்சிங் கல்லூரியில் டியூட்டர், இரண்டு வருட எம்.எஸ்சி முடித்தால் விரிவுரையாளர். பகல் வேலை, நைட் கிடையாது. ஆனால் பள்ளி ஆசிரியர் பக்கம் போய்விட்டு நர்ஸ் ஆக வேண்டும் என்றால் முதலிலிருந்து நான்கு வருடம். நர்சிங் பட்டத்தை வைத்துப் பள்ளிக்கூட டீச்சராகவும் முடியாது, தமிழ்நாட்டில் பி.எட் சேர்க்கைக்குப் பள்ளிப் பாடத்தோடு பொருந்துகிற பட்டம் வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு இருப்பதுதான் ஆசை என்றால் நர்சிங் கல்லூரி டியூட்டர் வேலை அதற்கு ஈடாகாது, அப்போது டி.எல்.எட் பற்றிப் பேசுங்கள்.

என்னைக் கேட்டால், நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்வதென்றால், அவள் கொஞ்சம் நர்சிங் பக்கம் சாய்ந்திருக்கிறாள், கலந்தாய்வில் நல்ல இடம் வந்தால் போகட்டும் என்பேன். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கும் பெங்களூருக்கும் கடன் வாங்கிப் போவதாக இருந்தால் வேண்டாம் என்பேன்.

கடைசியாக அந்தப் பணம் கட்டுகிற வரி. அதைப் படித்ததும் தங்கை மற்ற எதையும் படிக்க மாட்டாள். வங்கியில் நான்கு லட்சம் வரை கல்விக் கடன் சொத்து ஈடு இல்லாமல் தருகிறார்கள், அப்பா கூட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும். அதனால் உங்களை மீறியும் அவளால் படிக்க முடியும், அது அவளுக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம். அந்த வரிக்குப் பதிலாக, மாதம் உங்களால் எவ்வளவு தர முடியும், எத்தனை வருடத்துக்குத் தர முடியும் என்று தொகையை எழுதுங்கள். இடுப்பு வலியையும் நைட் டூட்டியையும் அப்படியே விட்டுவிட்டு, நம்ம ஊர் ஸ்கூல் என்கிற வரியையும் முதல் பட்டதாரி வரியையும் திருத்திவிட்டு அனுப்புங்கள். கூடவே சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், மார்க் ஷீட் எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள், கலந்தாய்வு நாளில் ஒரு இனிஷியலுக்காக மலை ஏறித் தாலுகா ஆபீஸுக்கு ஓடுவது பெரிய அவஸ்தை.